பணம் போனது மன்னார்குடியில், ஆள் இருப்பது துபாயில்: வழக்கு எந்த நாட்டில்?

எல்லை தாண்டிய மோசடியில் வழக்கு பெரும்பாலும் தடுமாறுவது முதல் பக்கத்திலேயே. "குற்றம் வெளிநாட்டில் நடந்தது" என்று புகார்தாரர் எழுதிவிடுகிறார். அந்த ஒரு வரியால் வழக்கு வேறு பாதைக்குப் போய்விடுகிறது. ஒரு நாடு ஒரு குற்றத்தை விசாரிக்க நான்கு அடிப்படைகளில் உரிமை கோரலாம்: குற்றம் நடந்த மண், குற்றவாளியின் குடியுரிமை, பாதிக்கப்பட்டவரின் குடியுரிமை, நாட்டின் அடிப்படை நலன். இந்தியச் சட்டம் இந்த நான்குக்கும் ஒரே எடை தருவதில்லை. எதை முதலில் பிடிப்பது, எதை நம்பி இறங்கக்கூடாது என்பதை ஒரே மோசடியை வைத்துப் பார்ப்போம். புகார் எழுத உட்கார்ந்திருப்பவர்களையும் புதிதாக வழக்காடத் தொடங்கியிருக்கும் இளம் வழக்கறிஞர்களையும் மனதில் வைத்து எழுதுகிறோம்.

எடுத்துக்காட்டு

இது நாமாக அமைத்துக்கொண்ட கதை. மன்னார்குடிப் பக்கம் ஒரு நவீன அரிசி ஆலை. பழுப்பு அரிசியையும் கல்லையும் பிரித்தெடுக்கக் கலர் சார்ட்டர் வாங்க ஆலைக்காரர் இணையத்தில் தேடுகிறார். ஒரு நிறுவனத்தின் பெயரில் ஒருவர் வாட்ஸாப்பில் பேசுகிறார், மின்னஞ்சலில் விலைப்பட்டியல் அனுப்புகிறார். விலை 38,000 டாலர். 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் கப்பல் ரசீதின் நகல் வந்ததும். இயந்திர வியாபாரத்தில் வழக்கமான ஏற்பாடுதான் என்பதால் ஆலைக்காரருக்குச் சந்தேகம் வரவில்லை. மன்னார்குடி வங்கிக் கிளையிலிருந்து 11,400 டாலர் சிங்கப்பூர் வங்கிக் கணக்கு ஒன்றுக்குப் போகிறது. மூன்று வாரம் கழித்துக் கப்பல் ரசீது பி.டி.எஃப். ஆக வருகிறது. 26,600 டாலரும் போகிறது. காரைக்கால் துறைமுகத்துக்கு வரவேண்டிய பெட்டி வரவே இல்லை. கப்பல் நிறுவனத்தின் இணையதளத்தில் ரசீது எண்ணைப் போட்டுப் பார்த்தால் அப்படி ஒரு ரசீதே கிடையாது. (இரண்டாம் தவணைக்கு முன்பே இதைப் பார்த்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை.) பேசிய ஆள் துபாயில் இருந்தான் என்று பிறகு தெரிகிறது.

படி 1: சட்டத்துக்கு முன் இடங்களை எழுதுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் நான்கு இடங்களைக் குறியுங்கள். பொய் எங்கிருந்து கிளம்பியது? அதை எங்கே இருந்து படித்து நம்பினீர்கள்? பணம் எங்கிருந்து போனது? எங்கே போய்ச் சேர்ந்தது? நம் எடுத்துக்காட்டில் விடை: துபாய், மன்னார்குடி, மன்னார்குடி, சிங்கப்பூர். கீழே இரண்டு வரி சேருங்கள். ஏமாற்றியவர் எந்த நாட்டுக் குடிமகன், ஏமாந்தவர் எந்த நாட்டுக் குடிமகன். தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள், ஊகிக்க வேண்டாம். கடைசியாக ஒரு கேள்வி: ஏமாற்றும்போது உங்கள் மின்னஞ்சலுக்குள் யாராவது புகுந்தார்களா, அல்லது வெறுமனே செய்தி அனுப்பினார்களா? இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

தேதியையும் மறக்கவேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடந்த செயலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா, அதற்கு முந்தையதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம். கீழே சொல்லும் பிரிவு எண்கள் புதிய சட்டங்களுக்கு உரியவை.

படி 2: முதலில் மண்ணைப் பிடியுங்கள்

மோசடி என்பது ஒரே நொடியில் முடியும் குற்றம் அல்ல. பொய் சொல்ல வேண்டும், அதை எதிராளி நம்ப வேண்டும், நம்பியதால் பணத்தைக் கைவிட வேண்டும். இந்த மூன்றும் ஒரே ஊரில் நடக்கவேண்டிய கட்டாயம் இல்லை. நம் கதையில் பொய் துபாயில் கிளம்பினாலும், அது ஏமாற்றாக மாறியது மன்னார்குடியில். ஆலைக்காரர் படித்தது அங்கே, நம்பியது அங்கே, வங்கியில் கையெழுத்துப் போட்டதும் அங்கே. ஆகவே இது இந்திய மண்ணில் நடந்த குற்றம். ஏமாற்றியவரின் கால் இந்தியாவில் படவே இல்லை என்பது இதை மாற்றாது.

இதை உச்ச நீதிமன்றம் 1957இலேயே முடிவு செய்துவிட்டது. முபாரக் அலி அகமது எதிர் பம்பாய் மாநிலம் என்ற அந்த வழக்கும் அரிசி வியாபாரத்தில் பிறந்ததுதான். கராச்சியில் இருந்த பாகிஸ்தான் குடிமகன் ஒருவர், அரிசி அனுப்புவதாகக் கடிதம், தந்தி, தொலைபேசி வழியாகக் கோவா வணிகர் ஒருவரை நம்பவைத்தார். பணம் பம்பாயில் கைமாறியது, அரிசி வரவில்லை. அந்த நேரத்தில் தாம் பம்பாயில் இல்லை, இந்தியரும் இல்லை என்று அவர் வாதிட்டார். குற்றத்தின் கூறுகள் எல்லாம் பம்பாயில் நிறைவேறியிருக்கின்றன, உடல் அங்கே இல்லாதது தப்பிக்க வழியாகாது என்றது நீதிமன்றம். தந்திக்குப் பதில் வாட்ஸாப் என்று மாற்றினால் நம் கதைதான்.

இந்தியாவுக்குள் எந்த நீதிமன்றம் என்பதற்குப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 202ஆம் பிரிவைப் பாருங்கள். மின்னணுச் செய்தி வழியே ஏமாற்றியிருந்தால், செய்தி அனுப்பப்பட்ட இடத்து நீதிமன்றமும் விசாரிக்கலாம், பெறப்பட்ட இடத்து நீதிமன்றமும் விசாரிக்கலாம். ஏமாற்றிப் பணம் பறித்த குற்றம் என்றால், ஏமாந்தவர் பணத்தைக் கொடுத்த இடமும் ஏமாற்றியவர் பெற்ற இடமும் சேரும். செய்தி வந்ததும் பணம் போனதும் மன்னார்குடி என்பதால் மன்னார்குடிப் பகுதி நீதிமன்றத்துக்கு இரண்டு வழியிலும் அதிகாரம் உண்டு. குற்றம் நியாய சன்ஹிதாவின் 318(4), ஏழு ஆண்டு வரை சிறை. வேறொரு நிறுவனத்தின் ஆளாக நடித்திருந்தால் 319ஐயும், கணினி வழியாக நடித்ததற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டியையும் சேர்க்கலாம்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, குற்றம் சாட்டப்பட்டவர் துபாயில் இருக்கிறார் என்பதாலேயே வெளிநாட்டுக் குற்றங்களுக்கான சுரக்ஷா சன்ஹிதாவின் 208ஆம் பிரிவைத் தூக்கிப் பிடிப்பது. அந்தப் பிரிவில் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் விசாரணை நடக்காது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதல் நாளே எழுப்புவார். குற்றத்தின் ஒரு பகுதி இந்தியாவில் நடந்திருந்தால் அந்த அனுமதி தேவையில்லை என்பதை உச்ச நீதிமன்றம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 188ஆம் பிரிவை வைத்துத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1993இல் அஜய் அகர்வால் வழக்கில் ஆள் துபாயில், ஏமாந்த வங்கி சண்டிகரில். 2022இல் சர்தாஜ் கான் வழக்கிலும் இதே நிலைப்பாடு.

எனவே புகாரில் இப்படி எழுதுங்கள்: "மன்னார்குடியில் உள்ள என் ஆலை அலுவலகத்தில் இருந்தபோது இன்ன தேதியில் இந்தச் செய்தியைப் பெற்றேன், அதை உண்மை என்று நம்பி, மன்னார்குடியில் உள்ள இன்ன வங்கிக் கிளையிலிருந்து இன்ன தேதியில் இவ்வளவு அனுப்பினேன்." ஊரும் தேதியும் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். "துபாய் மோசடி" என்று தலைப்புப் போடவேண்டாம்.

ஆனால் சிங்கப்பூருக்கும் இதே அடிப்படையில் உரிமை உண்டு, பணம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கும் உண்டு, பொய் அங்கிருந்து கிளம்பியிருக்கிறது. ஒரே குற்றத்துக்கு மூன்று நாடுகள் மண்ணுரிமை கோரலாம், யார் முதலில் என்று கட்டாயப்படுத்தும் பொது விதி எதுவும் கிடையாது. நடைமுறையில் ஆளைக் கையில் வைத்திருக்கும் நாட்டின் கைதான் ஓங்கும்.

படி 3: மண் இல்லை என்றால் மட்டும் குற்றவாளியின் குடியுரிமை

கதையை ஓரிடத்தில் மாற்றுவோம். ஆலைக்காரரின் மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஏமாற்றியவன் அவரைச் செரங்கூன் சாலையில் ஒரு கடையில் நேரில் சந்தித்து, இல்லாத முதலீடு ஒன்றைச் சொல்லி, அவருடைய சிங்கப்பூர் கணக்கிலிருந்தே 12,000 சிங்கப்பூர் டாலர் வாங்கிக்கொண்டு மறைகிறான். சொன்னது, நம்பியது, கொடுத்தது, வாங்கியது எல்லாம் சிங்கப்பூர். இந்திய மண் இதில் எங்குமே இல்லை.

ஏமாற்றியவன் இந்தியக் குடிமகன் என்றால் வழி உண்டு. இந்தியக் குடிமகன் உலகில் எங்கே குற்றம் செய்தாலும் நியாய சன்ஹிதா பொருந்தும் என்கிறது அதன் 1(5)ஆம் உட்பிரிவு. அவன் இந்தியாவில் காணப்படும் இடத்திலோ குற்றம் பதிவான இடத்திலோ விசாரிக்கலாம் என்கிறது 208. இப்போதுதான் மத்திய அரசின் அனுமதி உண்மையிலேயே தேவை. புகாரைப் பதியவும் புலனாய்வு செய்யவும் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்தபிறகு அடுத்த கட்டத்துக்குப் போகத்தான் அது வேண்டும் என்று 2011இல் தோட்டா வெங்கடேஸ்வரலு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அனுமதி வர நாளாகும் என்பதால், குற்றப்பத்திரிகை தயாராகும்போதே விண்ணப்பமும் போகட்டும்.

டெல்டாக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ் பேசுகிறான், சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி என்கிறான் என்பதால் அவன் இந்தியக் குடிமகன் ஆகிவிட மாட்டான். சிங்கப்பூர்க் குடியுரிமையைத் தாமாக விரும்பிப் பெற்றவர் அந்த நாளிலேயே இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். கையில் இருக்கும் ஓ.சி.ஐ. அட்டை குடியுரிமை அல்ல. குற்றம் நடந்த நாளில் அவனிடம் எந்தக் கடவுச்சீட்டு இருந்தது என்பதுதான் கேள்வி. அதை மெய்ப்பிக்க முடியாவிட்டால் இந்த அடிப்படை முழுதாகச் சரிந்துவிடும்.

இன்னொரு சிறிய மாற்றம்: அதே ஏமாற்றுக்காரன் மகனை நம்பவைத்து, மகன் சொல்லக் கேட்டு அப்பா மன்னார்குடியிலிருந்து கொஞ்சம் பணம் அனுப்பியிருந்தால்? வழக்கு மறுபடி படி 2க்கு வந்துவிட்டது. இந்த ஒரு பரிமாற்றத்துக்காகவே வங்கி அறிக்கையை வரிவரியாகப் படிக்கவேண்டும்.

படி 4: பாதிக்கப்பட்டவர் இந்தியர் என்பது மட்டும் போதாது

இன்னும் ஒரு மாற்றம். செரங்கூன் சாலைச் சம்பவம் அப்படியே இருக்கட்டும், ஏமாற்றியவன் மட்டும் மலேசியக் குடிமகன். இந்தியாவோடு மிச்சம் இருக்கும் ஒரே தொடர்பு, ஏமாந்தவர் இந்தியர் என்பது.

பலருக்கு இது போதும் என்று தோன்றுகிறது. மோசடியைப் பொறுத்தவரை இந்தியச் சட்டத்தில் போதாது. 1(5)இல் பாதிக்கப்பட்டவரின் குடியுரிமை எங்குமே பேசப்படவில்லை. மன்னார்குடியில் புகார் எழுதினாலும் நிற்காது. மகன் சிங்கப்பூர் போலீசிடம்தான் போகவேண்டும், தாமதிக்காமல் போகவேண்டும்.

இந்த அடிப்படையில் நாடுகள் மோதியும் இருக்கின்றன. 1886இல் கட்டிங் என்ற அமெரிக்கர் டெக்சாஸ் பத்திரிகையில் ஒரு மெக்சிகோக்காரரைப் பற்றி அவதூறு எழுதினார் என்று மெக்சிகோ அவரைப் பிடித்தது. எங்கள் மண்ணில் எங்கள் ஆள் எழுதியதற்கு நீங்கள் எப்படி விசாரிக்கலாம் என்று அமெரிக்கா எதிர்த்தது. பாதிக்கப்பட்டவர் எந்த நாட்டவரோ அந்த நாட்டுச் சட்டம் அவரோடு உலகமெல்லாம் போனால், எதிரே நிற்பவருக்குத் தாம் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்றே தெரியாது. இந்த ஆட்சேபம் இன்றும் வலுவானது என்பதே எங்கள் கருத்து.

இந்தியா இதை ஓரிடத்தில் ஏற்றிருக்கிறது. தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம், இந்தியக் குடிமக்களுக்கு எதிராகவோ இந்தியாவின் நலனைப் பாதிக்கும்படியோ வெளிநாட்டில் பட்டியல் குற்றம் செய்பவருக்கும் அந்தச் சட்டத்தை நீட்டியது. பட்டியலில் பயங்கரவாதம், கள்ளநோட்டு, ஆட்கடத்தல் போன்றவை உண்டு. சாதாரண மோசடி கிடையாது. ஆகவே வேலை என்று சொல்லி ஒரு பையனைத் தென்கிழக்காசிய இணைய மோசடிக் கூடாரத்துக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்தால், ஆட்கடத்தல் என்ற முறையில் இந்த வழி திறக்கலாம். அதே பையனிடம் அங்கே வைத்துப் பணம் மட்டும் ஏமாற்றினால் திறக்காது. ஊரிலேயே ஏஜென்ட் பொய் சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் அது மண் அடிப்படையிலான தனி வழக்கு, அதை விட்டுவிட வேண்டாம்.

காரைக்காலில் ஒரு விதிவிலக்கு நேரலாம். அங்கே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. செரங்கூன் சாலையில் ஏமாந்தவர் அப்படிப்பட்டவர் என்றால், பிரெஞ்சு தண்டனைச் சட்டத்தின் 113-7ஆம் பிரிவு, வெளிநாட்டில் பிரெஞ்சுக் குடிமகனுக்கு எதிராக நடந்த, சிறைத்தண்டனைக்குரிய குற்றத்துக்கும் பொருந்தும். மோசடி அதில் அடங்கும். ஆனால் 113-8இன்படி அரசு வழக்கறிஞர்தான் வழக்கைத் தொடங்க முடியும், அதற்கு முன் பாதிக்கப்பட்டவரின் புகாரோ குற்றம் நடந்த நாட்டின் அதிகாரபூர்வ அறிவிப்போ இருக்கவேண்டும். அதே கடையில் அதே ஏமாற்றில் இருவர் சிக்கியிருந்தால், காரைக்கால்காரருக்கு இருக்கும் கதவு மன்னார்குடிக்காரருக்கு இல்லை.

படி 5: நாட்டின் நலனும் கணினியும்

நாட்டையே குறிவைக்கும் குற்றங்கள் உண்டு. வெளிநாட்டில் உட்கார்ந்து ரூபாய் நோட்டு அச்சடிப்பது, கடவுச்சீட்டைப் போலியாகத் தயாரிப்பது போன்றவை. பாதிக்கப்படுவது ஒரு நாட்டின் அரசும் பணமும் என்பதால் அந்த நாடு விசாரிக்க உரிமை கோருகிறது. குற்றத்தின் விளைவு அதன் மண்ணில் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் மண் அடிப்படையிலிருந்து இது வேறுபடும் இடம். கலர் சார்ட்டர் மோசடியில் போனது ஆலைக்காரரின் பணம். அதில் நாட்டின் நலன் அடிபட்டது என்று வாதிடுவது வீண்வேலை. போலியாகத் தயாரித்தது தனியார் கப்பல் ரசீது அல்ல, இந்தியச் சுங்கத்துறையின் முத்திரை என்றால் பேச்சு வேறு.

1(5)இன் மூன்றாவது கூறு பலரையும் இழுக்கிறது. இந்தியாவில் உள்ள கணினி வளத்தைக் குறிவைத்து யார் எங்கிருந்து குற்றம் செய்தாலும் நியாய சன்ஹிதா பொருந்தும் என்கிறது அது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75ஆம் பிரிவும் கிட்டத்தட்ட இதே திசைதான். நாட்டின் பாதுகாப்புக்காக வைத்தது போலத் தெரிந்தாலும் அரசுக் கணினி என்று வரம்பு கட்டவில்லை, ஆலையின் மேசைக் கணினியும் அதற்குள் வரும். படி 1இல் கேட்ட கடைசிக் கேள்வி இதற்குத்தான். உண்மையான விற்பனையாளரோடு ஆலைக்காரர் பேசிக்கொண்டிருக்க, நடுவில் ஒருவன் ஆலையின் மின்னஞ்சலுக்குள் புகுந்து வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றியிருந்தால், கணினியைக் குறிவைத்தது என்று தயங்காமல் சொல்லலாம். வெறும் வாட்ஸாப் செய்தி வந்ததை அப்படிச் சொல்வது சந்தேகத்துக்கு இடம் தரும். குறிவைத்தது மனிதரை, கைபேசி வெறும் வழி என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

இதில் இன்னொரு குழி. வெளிநாட்டுக் குற்றத்தை இந்தியாவில் எங்கே விசாரிப்பது என்று சொல்லும் 208, இந்தியக் குடிமகனையும், இந்தியாவில் பதிந்த கப்பல், விமானத்தில் இருந்த அந்நியரையும் பற்றி மட்டுமே பேசுகிறது. வெளிநாட்டிலிருந்து கணினியைத் தாக்கிய அந்நியர் அதில் இல்லை. ஆகவே கணினிக் கூறை மட்டும் நம்பாமல், தாக்கப்பட்ட கணினி மன்னார்குடியில் இருந்தது, விளைவும் அங்கே நடந்தது என்று மண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.

படி 6: அதிகாரம் இருப்பதும் ஆளைப் பிடிப்பதும் வேறு

இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால் திருவாரூர் போலீசார் துபாய்க்குப் போய் யாரையும் பிடிக்க முடியாது. அந்த நாட்டின் சம்மதம் இல்லாமல் அங்கே ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. சர்வதேச நீதிமன்றத்தின் முன்னோடி 1927இல் லோட்டஸ் கப்பல் வழக்கில் சொன்னது இதுதான்: சட்டத்தை வெளியே நீட்டலாம், அடுத்த நாட்டு மண்ணில் அதிகாரத்தைச் செலுத்தக் கூடாது.

அதனால் வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். மோசடி என்று தெரிந்த அந்த மணிநேரத்தில் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழைத்து cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். கூடவே உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்தில் கொடுத்து, பணத்தைத் திருப்பக் கோரும் ஸ்விஃப்ட் செய்தியைச் சிங்கப்பூர் வங்கிக்கு உடனே அனுப்பச் சொல்லுங்கள். பணம் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டால் அந்தச் செய்தியால் பலன் இருக்காது. பிறகு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என்பது சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும்.

வாட்ஸாப் உரையாடலைப் படம் பிடித்துவிட்டுக் கைபேசியை விற்றுவிடாதீர்கள். அசல் கைபேசியும் அசல் மின்னஞ்சலும் அப்படியே இருக்கட்டும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4) கேட்கும் சான்றிதழில் இரண்டு பகுதி உண்டு, ஒன்றைக் கருவியைக் கையாள்பவர் தரவேண்டும், மற்றதை வல்லுநர் தரவேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பும் அதில் வரவேண்டும்.

சிங்கப்பூர்க் கணக்கு யாருடையது என்ற விவரத்தை நீங்களோ உங்கள் வங்கியோ கேட்டு வாங்கிவிட முடியாது. புலனாய்வு அதிகாரி சுரக்ஷா சன்ஹிதாவின் 112ஆம் பிரிவின்கீழ் இங்குள்ள குற்றவியல் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, நீதிமன்றத்தின் வேண்டுகோள் கடிதம் மத்திய அரசு வழியாகச் சிங்கப்பூருக்குப் போகவேண்டும். கடிதத்தில் கணக்கு எண், இரண்டு பரிமாற்றங்களின் தேதி, தொகை, ஸ்விஃப்ட் குறிப்பு எண் நான்கும் வங்கி ஆவணத்தில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்கவேண்டும். ஆகவே 11,400க்கும் 26,600க்கும் தனித்தனி ஸ்விஃப்ட் நகலை வங்கியிடம் முத்திரையோடு வாங்கிப் புகாருடனேயே இணைத்துக் கொடுங்கள்.